எந்த வீடியோ ஆர்டரைக் கொண்டுவந்தது? கூப்பன், ட்ராக்கிங் லிங்க் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தமாக ஒரு பொருளை விற்று, அதற்குச் சொந்தமாக வீடியோவும் போடுகிறவர்களுக்காக எழுதியது இது. பேச்சுக்கு, ஃபவுண்டன் பேனா விற்கும் ஒரு சின்ன இணையக் கடையை எடுத்துக்கொள்கிறேன். கீழே வரும் விற்பனை எண்கள் எல்லாம் கணக்கு புரிவதற்காக நானே வைத்தவை.

யூடியூப் ஸ்டுடியோவிலேயே எல்லாம் தெரியுதே, தனியா கூப்பன் எதுக்கு?

ஸ்டுடியோவுக்குத் தெரிவது வீடியோவுக்குள் நடப்பது மட்டும்தான். எத்தனை பேர் பார்த்தார்கள், எந்த நிமிடத்தில் எழுந்து போனார்கள் என்பதெல்லாம் அங்கே கிடைக்கும். பார்த்தவர் உங்கள் கடைக்கு வந்து பணம் கட்டினாரா என்பது அதற்குத் தெரியாது. கடைக்கோ பணம் கட்டியவரைத் தெரியும், ஆனால் அவர் எந்த வீடியோவிலிருந்து வந்தார் என்று தெரியாது. அதிகபட்சம் "யூடியூபிலிருந்து வந்தார்" என்று சொல்லும். மொபைல் ஆப்பிலிருந்து கிளிக் செய்து வந்திருந்தால் பல நேரம் அதுவும் பதிவாகாமல், அனலிடிக்ஸில் Direct என்ற கணக்கில் போய் விழும்.

இந்த இரண்டு பதிவேடுகளுக்கும் நடுவே உள்ள முடிச்சுதான் கூப்பனும் லிங்க்கும். வீடியோவுக்கு ஒன்று என்று தனித்தனியாக வைத்தால்தான் முடிச்சு வேலை செய்யும். சேனல் முழுவதற்கும் ஒரே கூப்பன் என்றால், சேனல் விற்கிறது என்பது தெரியும். அடுத்த வீடியோ எதைப் பற்றிப் போடுவது என்பது தெரியாது.

கூப்பன் மட்டும் போதுமா, இல்ல லிங்க்கும் வேணுமா?

இரண்டும் வேண்டும். இரண்டும் வேறு வேறு ஆட்களை எண்ணுகின்றன.

கூப்பன், ஆர்டரோடு சேர்ந்தே பதிவாகிறது. ஒருவர் டிவியில் வீடியோவைப் பார்த்து, இரண்டு நாள் கழித்து அலுவலகக் கணினியில் கடையைத் திறந்து, நினைவில் இருந்த கூப்பனைத் தட்டினாலும் அது உங்கள் ஆர்டர் பட்டியலில் வந்துவிடும். குக்கீ, உலாவி, சாதனம் எதைப் பற்றியும் அதற்குக் கவலை இல்லை. ஆனால் கூப்பனை மறந்தவர், "பத்து சதவீதத்துக்காக எதுக்கு மறுபடியும் வீடியோவை ஓட்டிப் பார்க்கணும்" என்று அப்படியே வாங்கியவர், அந்தச் சமயம் கடையில் பெரிய தள்ளுபடி ஓடிக்கொண்டிருந்ததால் கூப்பன் போடாதவர் ஆகியோர் கணக்கில் வரமாட்டார்கள். இன்னொரு பக்கம், வீடியோவையே பார்க்காமல் எங்கிருந்தோ கூப்பனைப் பிடித்தவரும் உள்ளே வந்துவிடுவார்.

லிங்க், கிளிக் செய்தவரை எண்ணுகிறது. வாங்காமல் போனவரும் இதில் தெரிவார். கூப்பனில் அந்தத் தகவல் கிடைக்கவே கிடைக்காது. 400 பேர் வந்து 5 பேர் வாங்கினார்கள் என்றால், வீடியோ தன் வேலையைச் செய்துவிட்டது, சிக்கல் பொருளின் பக்கத்தில் இருக்கலாம் என்று சந்தேகிக்க இடம் இருக்கிறது. ஆனால் போனில் கிளிக் செய்து, பிறகு கணினியில் வாங்கியவரை லிங்க் தொலைத்துவிடும். சஃபாரி உலாவியில், ஜாவாஸ்கிரிப்ட் வைக்கும் குக்கீகளின் ஆயுள் 2019 முதல் 7 நாள்தான். பத்து நாள் யோசித்து வாங்குகிறவர் அங்கே புது ஆளாகத்தான் தெரிவார். குக்கீக்குச் சம்மதம் கேட்கும் பெட்டியில் "வேண்டாம்" என்றவரும் பெரும்பாலும் அனலிடிக்ஸில் இருக்கமாட்டார்.

சுருக்கமாகச் சொன்னால், ஆர்டர்களைப் பொறுத்தவரை லிங்க் பெரும்பாலும் குறைத்துத்தான் சொல்லும். கூப்பன் குறைத்தும் சொல்லும், கூட்டியும் சொல்லும். இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இடத்தில்தான் உருப்படியான செய்தி கிடைக்கிறது. கீழே மூன்று வீடியோ கணக்கில் அதைப் பார்க்கலாம்.

கூப்பனுக்கு என்ன பேர் வைக்கலாம்?

வாயால் ஒருமுறை சொன்னால் கேட்டவர் தப்பில்லாமல் தட்ட வேண்டும். நமக்கு இதில் ஒரு கூடுதல் தொல்லை உண்டு. வீடியோவில் தமிழில் பேசுகிறோம், கூப்பனை ஆங்கில எழுத்தில் தட்டச் சொல்கிறோம். "மை" என்று சொன்னால் ஒருவர் `MAI` என்பார், இன்னொருவர் `MY` என்பார். "ஊற்று" என்று வைத்தால் கேட்கவே வேண்டாம். ஒரே ஒரு விதமாக மட்டும் எழுதக்கூடிய சொல்லாகப் பாருங்கள்: `NIB`, `START` மாதிரி. சொல்லும்போதே எழுத்துகளைத் திரையிலும் காட்டுங்கள். பூஜ்யமும் O-வும், 1-உம் I-யும் சேர்ந்து வரும்படி வைக்காதீர்கள்.

`PEN7`, `PEN8` என்று வரிசையாகவும் வைக்க வேண்டாம். `PEN7` தெரிந்தவர் `PEN9` வேலை செய்கிறதா என்று போட்டுப் பார்ப்பார். வேலை செய்தால் அந்த ஆர்டர் அவர் பார்க்கவே பார்க்காத வீடியோவின் கணக்கில் ஏறும்.

எல்லா வீடியோவிலும் தள்ளுபடி ஒரே அளவில் இருக்கட்டும். ஒன்றில் 10 சதவீதம், இன்னொன்றில் 20 என்றால், நீங்கள் அளப்பது வீடியோவை அல்ல, தள்ளுபடியை.

லிங்க்கை எப்படி எழுதறது?

கடையின் சாதாரண முகவரிக்குப் பின்னால் யூடிஎம் எனப்படும் குறிப்புகளைச் சேர்த்தால் போதும். அர்ச்சின் என்ற மென்பொருளிலிருந்து வந்த வழக்கம் இது. அந்த நிறுவனத்தை 2005-ல் கூகுள் வாங்கியது, அதுதான் பிறகு கூகுள் அனலிடிக்ஸ் ஆனது. இன்று பெரும்பாலான அனலிடிக்ஸ் கருவிகளுக்கு இந்தக் குறிப்புகள் புரியும்.

```
https://example.com/pens?utm_source=youtube&utm_medium=video&utm_campaign=own-channel&utm_content=v07-nib
```

முதல் மூன்றும் எல்லா வீடியோவிலும் மாறாமல் இருக்க வேண்டும். வீடியோவுக்கு வீடியோ மாறுவது கடைசியில் உள்ள `utm_content` மட்டும். கூகுள் அனலிடிக்ஸின் இப்போதைய பதிப்பான ஜிஏ4-ல் இது Session manual ad content என்ற பெயரில் தெரியும். `utm_medium`-ல் `video` என்று வைத்தால் அது தானாகவே Organic Video என்ற பிரிவுக்குள் போய்விடும். பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் இங்கே வேறு வேறு: `YouTube`, `youtube` என்று இரண்டு விதமாக எழுதினால் அறிக்கையில் இரண்டு வரிகள் வரும். எல்லாவற்றையும் சின்ன எழுத்தில் எழுதிப் பழகுங்கள்.

இவ்வளவு நீள முகவரியை அப்படியே ஒட்டாமல், உங்கள் சொந்தத் தளத்திலேயே `example.com/nib` என்று ஒரு குறு முகவரி வைத்து, அதை நீள முகவரிக்குத் திருப்பிவிடுங்கள். வாயால் சொல்லவும் வசதி. நாளைக்குப் பொருளின் பக்கம் மாறினாலும் திருப்புவதை மட்டும் மாற்றினால் போதும். திருப்பும்போது 301 என்ற வகை வேண்டாம், தற்காலிகத் திருப்பலான 302 வையுங்கள். 301 என்பது "நிரந்தரமாக மாறிவிட்டது" என்று சொல்வது. உலாவி அதை நினைவில் வைத்துக்கொண்டு, நீங்கள் பின்னால் மாற்றியதைக் கவனிக்காமல் பழைய இடத்துக்கே போகலாம்.

இங்கே நான் பட்ட அடி ஒன்று உண்டு. குறு முகவரி சரியாகத் திறந்தது, பக்கமும் வந்தது. ஆனால் கடை மென்பொருள் நடுவில் இன்னொரு முறை திருப்பிவிட்டதில், கேள்விக்குறிக்குப் பின்னால் இருந்ததெல்லாம் உதிர்ந்துபோனது. மூன்று வாரம் அந்த வீடியோவிலிருந்து யாருமே வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வீடியோவை வெளியிடும் முன் போனில் லிங்க்கைத் தட்டி, பக்கம் திறந்த பிறகு முகவரிப் பட்டையில் `utm_content` இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். அரை நிமிட வேலை.

அப்புறம், கடைக்கு உள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும் பட்டன்களில் யூடிஎம் போடவே கூடாது. வீடியோவிலிருந்து வந்தவர் அந்தப் பட்டனைத் தட்டியதும் அவர் வந்த வழி கலைந்துவிடும்.

டிஸ்கிரிப்ஷன்ல லிங்க் போட்டும் யாருமே கிளிக் பண்ணல, ஏன்?

முதலில் லிங்க் உண்மையிலேயே கிளிக் ஆகிறதா என்று பாருங்கள். உங்கள் கணக்கில் நுழையாமல், வேறொரு போனில். சேனலுக்கு Advanced features என்ற அனுமதி கிடைக்கவில்லை என்றால் டிஸ்கிரிப்ஷனில் உள்ள வெளி லிங்க் வெறும் எழுத்தாகத்தான் நிற்கும். ஷார்ட்ஸ் என்றால் 2023 ஆகஸ்ட் 31 முதல் டிஸ்கிரிப்ஷனிலும் கமெண்டிலும் போடும் லிங்க்குகள் கிளிக் ஆவதில்லை. அதனால் ஷார்ட்ஸுக்கு லிங்க்கை நம்ப வேண்டாம். கூப்பனைச் சொல்லுங்கள், அல்லது ஷார்ட்ஸிலிருந்து உங்கள் நீள வீடியோவுக்கு அனுப்பி அங்கிருந்து கடைக்கு அனுப்புங்கள். இரண்டாவது வழியில் ஆர்டர் நீள வீடியோவின் கணக்கில்தான் ஏறும், அதை மறக்கக்கூடாது.

லிங்க் கிளிக் ஆகிறது, ஆனாலும் ஆள் வரவில்லை என்றால் அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். டிஸ்கிரிப்ஷனை விரிக்காமல் தெரிவது மேலே ஒரு சில சொற்கள்தான். லிங்க் முதல் வரியில் இருக்க வேண்டும், சமூக வலைத்தள முகவரிகளுக்குக் கீழே பதினோராவது வரியில் அல்ல.

டிவியில் பார்ப்பவருக்கு எந்த லிங்க்கும் உதவாது. அவர்களுக்குத் திரையில் கியூஆர் கோட் காட்டலாம். அதற்கு `v07-nib-qr` என்று தனி `utm_content` வையுங்கள். குறைந்தது பத்து நொடியாவது திரையில் நிற்கட்டும். போனைத் தேடி எடுத்து, கேமராவைத் திறக்கவே அவ்வளவு நேரம் ஆகும்.

மூணு வீடியோ போட்டு ஒரு மாசம் ஆச்சு. இந்த எண்களை எப்படிப் படிக்கணும்?

பேனா கடைக்கே வருவோம். மூன்று வீடியோக்கள், மூன்று கூப்பன்கள். `NIB` என்பது நிப்பைச் சுத்தம் செய்வது எப்படி என்ற வீடியோ. `START` என்பது முதல் ஃபவுண்டன் பேனாவாக எதை வாங்கலாம் என்பது. `BENCH`, பட்டறையைச் சுற்றிக் காட்டுவது. ஒவ்வொன்றுக்கும் அது வெளியான நாளிலிருந்து முதல் 30 நாளை மட்டும் எடுக்கிறோம். காலண்டர் மாதத்தை எடுத்தால் முதலில் வெளியான வீடியோவுக்கு நாள் கூடுதலாகக் கிடைத்துவிடும்.

| | NIB | START | BENCH |
|---|---|---|---|
| பார்வைகள் | 42,000 | 6,500 | 18,000 |
| லிங்க் கிளிக் | 310 | 420 | 95 |
| கூப்பன் போட்ட ஆர்டர் | 9 | 25 | 16 |
| லிங்க் வழி ஆர்டர் | 6 | 19 | 2 |
| இரண்டிலும் உள்ளவை | 4 | 14 | 1 |

முதல் வேலை, இரண்டையும் கூட்டிவிட்டு இரண்டிலும் வந்ததை ஒருமுறை கழிப்பது. `NIB`-க்கு 9 + 6 − 4 = 11. `START`-க்கு 25 + 19 − 14 = 30. `BENCH`-க்கு 16 + 2 − 1 = 17. இரண்டிலும் உள்ளவற்றைக் கண்டுபிடிக்க ஆர்டர் எண்ணை வைத்துதான் ஒப்பிட வேண்டும். கடை மென்பொருள் ஒவ்வொரு ஆர்டரிலும் வந்த வழியைக் காட்டினால் அங்கேயே பார்த்துவிடலாம். வூகாமர்ஸில் 2024 ஜனவரியில் வந்த 8.5 பதிப்பிலிருந்து அந்த வசதி உள்ளேயே இருக்கிறது.

இப்போது `BENCH`-ஐக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 95 பேர்தான் கிளிக் செய்திருக்கிறார்கள், ஆனால் 16 பேர் கூப்பன் போட்டிருக்கிறார்கள். மற்ற இரண்டிலும் லிங்க் ஆர்டருக்கும் கூப்பன் ஆர்டருக்கும் இடையே இவ்வளவு இடைவெளி இல்லை. அந்த 16 ஆர்டர்களைத் தேதிவாரியாக விரித்துப் பார்க்கிறோம். நான்கு, வீடியோ வெளியான முதல் வாரத்தில். மீதி 12-உம் கடைசி எட்டு நாளில், வீடியோவை அநேகமாக யாரும் பார்க்காத சமயத்தில். அதிலும் பெரும்பாலானவர்கள் ஏற்கெனவே வாங்கிய பழைய வாடிக்கையாளர்கள். கூப்பன் எங்கோ கசிந்திருக்கிறது. அந்த 12-ஐ எடுத்துவிட்டால் `BENCH`-க்கு மிஞ்சுவது 5.

ஆயிரம் பார்வைக்கு எத்தனை ஆர்டர் என்று பார்த்தால் `NIB` 0.26, `START` 4.6, `BENCH` 0.28. பார்வையில் ஆறில் ஒரு பங்குகூட இல்லாத `START`, அந்த மாதத்தின் ஆர்டர்களில் பெரும்பங்கைக் கொண்டுவந்திருக்கிறது. கூப்பன் இல்லாவிட்டால் நிப் வீடியோவின் 42,000-ஐப் பார்த்து இதே மாதிரி இன்னும் நான்கு எடுத்திருப்போம்.

அதற்காக `NIB`-ஐத் தூக்கிப் போட வேண்டியதில்லை. 11 ஆர்டர்களில் புது ஆள் 4 பேர்தான், 7 பேர் பழையவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிப்பைச் சுத்தம் செய்யத் தேடுகிறவரிடம் ஏற்கெனவே பேனா இருக்கிறது. அவர் மை வாங்குவார், பேனா வாங்கமாட்டார். அந்த வீடியோவின் லிங்க் பேனா பக்கத்துக்குப் போனதுதான் தப்பு. மைப் பக்கத்துக்கு மாற்றிவிட்டு இன்னொரு 30 நாள் பார்க்க வேண்டும். குறு முகவரி வைத்திருந்தால் அதற்கு டிஸ்கிரிப்ஷனைக்கூடத் தொட வேண்டாம்.

ஒரு வீடியோவுக்கு 4 ஆர்டர், இன்னொண்ணுக்கு 7. அப்ப 7 தானே நல்ல வீடியோ?

சொல்ல முடியாது. இந்த அளவு எண்கள் சும்மாவே மேலும் கீழும் ஆடும். கைக்கணக்கு ஒன்று இருக்கிறது. இரண்டு எண்களையும் கூட்டுங்கள், வர்க்கமூலம் எடுங்கள், இரண்டால் பெருக்குங்கள். உங்கள் வித்தியாசம் அதைவிடப் பெரிதாக இருந்தால் மட்டும் நம்பலாம்.

4 + 7 = 11, அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 3.3, இரு மடங்கு 6.6. வித்தியாசம் 3 மட்டுமே. ஆக ஒன்றும் தெரியவில்லை. `NIB` 11, `START` 30 என்பதற்குப் போட்டுப் பாருங்கள்: 41-ன் வர்க்கமூலம் 6.4, இரு மடங்கு 12.8, வித்தியாசம் 19. இது நிஜமான வித்தியாசம். இரண்டுக்கும் நாள் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும், ஆர்டர்கள் ஒரேயடியாகக் கசிவில் வந்தவையாக இருக்கக்கூடாது. இவ்வளவுதான் நிபந்தனை.

மாதத்துக்கு மொத்தமே பத்து ஆர்டர்தான் என்றால் வீடியோவுக்கு வீடியோ ஒப்பிடுவதை விட்டுவிட்டு வகைக்கு வகை ஒப்பிடுங்கள். "எப்படிச் செய்வது" வீடியோக்கள் ஆறும் சேர்த்து எவ்வளவு, "எதை வாங்கலாம்" வீடியோக்கள் ஆறும் சேர்த்து எவ்வளவு என்று. கூப்பன்களைத் தனித்தனியாக வைத்திருந்தால் பின்னால் எப்படி வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம்.

கூப்பன் எப்படிக் கசியுது? தடுக்க முடியுமா?

கூப்பன்களைத் தொகுத்துப் போடும் தளங்கள் இருக்கின்றன. செக்அவுட்டில் தானாகவே கூப்பன்களைப் போட்டுப் பார்க்கும் உலாவி நீட்சிகளும் இருக்கின்றன. அந்த நீட்சி வைத்திருக்கும் ஒருவர் உங்கள் கூப்பனைத் தட்டினால், அது அடுத்தவருக்கும் போய்ச் சேர வாய்ப்பு உண்டு. செக்அவுட்டில் "கூப்பன் இருக்கிறதா?" என்ற காலிப் பெட்டியைப் பார்த்ததும், அதுவரை தள்ளுபடியை நினைக்காதவரும் இன்னொரு டேபைத் திறந்து தேடுவார் என்பதும் உண்மை.

முழுவதும் தடுக்க முடியாது. சேதத்தைக் குறைக்கலாம். கூப்பனை முதல் ஆர்டருக்கு மட்டும், ஒருவருக்கு ஒரு தடவை மட்டும் என்று வையுங்கள். மேலே `BENCH`-ல் வந்த பழைய வாடிக்கையாளர்கள் இதிலேயே நின்றுபோயிருப்பார்கள். அப்புறம், பெட்டியை அதே இடத்தில் ஒரு சின்ன எழுத்து லிங்க்காகச் சுருக்கிவிடலாம். கசிந்ததே கசிந்துவிட்டது என்றால், கசிந்த தேதிக்கு முந்தைய ஆர்டர்களை மட்டும் எண்ணுங்கள். அதற்குப் பின் அந்த வீடியோவுக்கு லிங்க் எண்ணிக்கைதான் சாட்சி.

காலாவதித் தேதி வெக்கலாமா?

வீடியோவில் வாயால் சொல்லிவிட்ட கூப்பனுக்கு வைக்காதீர்கள். டிஸ்கிரிப்ஷனை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். வெளியிட்ட வீடியோவை, அதே முகவரியில் வேறு கோப்பாக மாற்ற யூடியூப் விடாது. ஒரு பகுதியை வெட்டி எடுக்கலாம், அவ்வளவுதான். இரண்டு வருடம் கழித்து ஒருவர் அந்த வீடியோவைப் பார்த்து, ஆசையாகக் கூப்பனைப் போட்டு, "செல்லாது" என்று சிவப்பு எழுத்தில் பார்ப்பார். அந்த ஆர்டர் போனது போனதுதான். தள்ளுபடி கட்டுப்படியாகவில்லை என்றால் கூப்பனை உயிரோடு வைத்துக்கொண்டு அளவை மட்டும் குறையுங்கள். இதற்கு வசதியாக, வீடியோவில் "`START` போட்டால் தள்ளுபடி உண்டு" என்று மட்டும் சொல்லி, எத்தனை சதவீதம் என்பதை டிஸ்கிரிப்ஷனில் எழுதுவது என் வழக்கம்.

வீடியோ பார்த்துட்டு கடைப் பேரை கூகுள்ல தேடி வந்து வாங்கறவங்களை என்ன பண்றது?

அவர்கள் கூப்பனிலும் வரமாட்டார்கள், லிங்க்கிலும் வரமாட்டார்கள். அவர்களைப் பிடிக்க ஒரே வழி, கேட்பது. ஆர்டர் முடிந்த பிறகு வரும் நன்றிப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி: "எங்களைப் பற்றி எங்கே தெரிந்துகொண்டீர்கள்?" பணம் கட்டும் முன் கேட்காதீர்கள், பாதியில் போய்விடுவார்கள்.

60 பேர் வீடியோ என்று சொல்லியிருக்கிறார்கள். அதில் 24 பேரின் ஆர்டரில்தான் கூப்பனோ லிங்க்கோ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் உங்கள் வலையில் 40 சதவீதம்தான் சிக்குகிறது. வீடியோக்கள் மொத்தமாகக் கொண்டுவந்தது, நீங்கள் எண்ணியதைப் போல் சுமார் இரண்டரை மடங்கு. மொத்தத்துக்கு மட்டுமே இந்தப் பெருக்கல் செல்லும். ஒவ்வொரு வீடியோவுக்கும் அதே இரண்டரையைப் போட்டுவிட வேண்டாம், ஏனென்றால் கூப்பனை வாயால் சொன்ன வீடியோவிலும் சொல்லாத வீடியோவிலும் நழுவுகிறவர்களின் விகிதம் ஒன்றாக இருக்காது. எந்த வீடியோ என்று கேட்டால் மக்களுக்குச் சரியாக நினைவும் இருப்பதில்லை. "அந்த நீலப் பேனா வீடியோ" என்று எழுதுவார்கள்; உங்கள் வீடியோ ஆறில் நீலப் பேனா இருக்கும்.

ஒருத்தர் மூணு வீடியோ பார்த்துட்டு மூணாவது வீடியோ கூப்பனைப் போட்டா?

முழுப் பெயரும் மூன்றாவதுக்குப் போகும். கூப்பன் எப்போதும் கடைசியாக நினைவில் நின்றதைத்தான் சொல்லும். ஆகவே "எதை வாங்கலாம்" வகை வீடியோக்கள் எப்போதும் கொஞ்சம் அதிகமாகவே பெயர் வாங்கும்; வாங்க முடிவெடுத்துவிட்டவர்தான் அதைத் தேடிப் பார்க்கிறார். ஜிஏ4-ல் Session என்று தொடங்கும் எண்களோடு First user என்று தொடங்குபவற்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவர் முதன்முதலில் எந்த லிங்க்கில் வந்தார் என்பது அதில் இருக்கும். முதல் வருகையில் அடிக்கடி தென்பட்டு, கூப்பனில் தென்படாத வீடியோ இருந்தால் அதை நிறுத்த அவசரப்பட வேண்டாம்.

தள்ளுபடி குடுக்காம அளக்க முடியாதா?

முடியும். தள்ளுபடி என்பது அளவுகோலுக்கு நீங்கள் கட்டும் வாடகை, அது குறைவும் அல்ல. 100-க்கு விற்றால் 40 மிஞ்சும் பொருளுக்கு 10 தள்ளுபடி கொடுத்தால் மிஞ்சுவது 30. லாபத்தில் கால்வாசி போய்விட்டது. பழைய லாபத்தை எட்டவே மூன்றில் ஒரு பங்கு அதிகம் விற்க வேண்டும். இதில் எப்படியும் வாங்கியிருக்கக்கூடியவர்களும் சேர்த்தி.

தள்ளுபடிக்குப் பதிலாகக் கூப்பனுக்கு ஒரு சின்ன மை மாதிரியைச் சேர்த்து அனுப்பலாம். கூப்பன் தளங்களுக்கு அதில் அவ்வளவு ஆசை வராது என்பது கூடுதல் லாபம். அல்லது கூப்பனே இல்லாமல் `example.com/nib` என்று வாயால் சொல்லலாம். தட்டுவதற்கு ஒரு காரணம் வேண்டும் என்பதால், வீடியோவில் காட்டிய அளவுப் பட்டியலோ சுத்தம் செய்யும் முறையோ அந்தப் பக்கத்தில் இருக்கட்டும்.

ஏற்கெனவே 80 வீடியோ இருக்கு. எல்லாத்தையும் மாத்தணுமா?

வேண்டாம். ஸ்டுடியோவில் கடைசி 28 நாளில் அதிகம் பார்க்கப்பட்ட பத்தை எடுத்து, டிஸ்கிரிப்ஷனின் முதல் வரியிலும் பின் செய்த கமெண்டிலும் தனித்தனி லிங்க் போடுங்கள். மொத்தமாகத் திருத்தும் வசதி எல்லாவற்றிலும் ஒரே எழுத்தைத்தான் வைக்கும் என்பதால் இதை ஒவ்வொன்றாகத்தான் செய்ய வேண்டும். கூப்பனை அந்த வரியிலேயே எழுதலாம், ஆனால் வாயால் சொன்ன வீடியோக்களோடு இவற்றின் கூப்பன் எண்ணிக்கையை ஒப்பிடாதீர்கள். பழையவற்றைப் பழையவற்றோடு, லிங்க்கை வைத்து மட்டும்.